கொப்பியில் ஒரு மீதி, வங்கியில் இன்னொரு மீதி

மாத முடிவில் வங்கிக் கூற்றைக் கையில் எடுக்கும் சிறு கடைக்காரர் பலர், யாரோ பிழை விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைக்கிறார்கள். தாங்கள் எழுதிவந்த காசேட்டில் ஒரு மீதி இருக்கும், வங்கி தந்த கூற்றில் வேறொரு மீதி இருக்கும். காசோலை கொடுத்து வாங்கி வியாபாரம் செய்யும் ஒருவருக்கு இரண்டும் அச்சொட்டாக ஒத்துப்போனால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

பரந்தன் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருடைய கணக்கைச் சொன்னால் இது விளங்கும். மீள்குடியேறிய பிறகு கடன் எடுத்துத் தொடங்கிய கடை. செப்டெம்பர் 30ஆம் திகதி அவருடைய காசேட்டின்படி வங்கியில் இருக்க வேண்டியது 96,500 ரூபாய். வங்கிக் கூற்றில் இருந்ததோ 126,250 ரூபாய்.

“தம்பி, 29,750 ரூபா கூடக் கிடக்கு. தீபாவளிச் சாமானுக்கு ஒரு லட்சத்துக்குச் செக் எழுதட்டோ?” என்று கேட்டார்.

“கொஞ்சம் பொறுங்கோ அக்கா. அந்தக் காசு உங்கட காசோ எண்டு முதல்ல பாப்பம்” என்றேன்.

காசேட்டையும் கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருப்பவற்றுக்குப் பென்சிலால் சரி அடையாளம் போட்டுக்கொண்டு போக வேண்டும். அடையாளம் விழாமல் மிஞ்சுபவைதான் வித்தியாசத்துக்குக் காரணம். அவை இரண்டு வகை.

முதலாவது, எங்களுக்குத் தெரியும், வங்கிக்கு இன்னும் தெரியாது. அக்கா விநியோகத்தர் இருவருக்கு 42,000, 15,800 ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கொடுத்த அன்றே காசேட்டில் கழித்துவிட்டார். அவர்கள் அவற்றை இன்னும் வங்கியில் போடவில்லை. அதேபோல, 30ஆம் திகதி பின்நேரம் அவர் வைப்பிலிட்ட 22,000 ரூபாய்க் காசோலை அன்று தேறவில்லை. இவற்றுக்காகக் காசேட்டில் கை வைக்கக்கூடாது. ஏற்கெனவே சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது, வங்கிக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. கடன் தவணை 12,500 ரூபாயை வங்கியே கணக்கிலிருந்து வெட்டியிருந்தது. வங்கிக் கட்டணமாக 750 ரூபாய் போயிருந்தது. முன்பள்ளி ஒன்று தன் மாதப் பற்று 9,000 ரூபாயை நேரே கணக்கில் கட்டியிருந்தது. இவற்றைக் காசேட்டில் கட்டாயம் பதிய வேண்டும். வாடிக்கையாளரின் காசோலை ஏதும் திரும்பியிருந்தால் அதுவும் இந்த வகைதான்.

பதிந்த பிறகு காசேட்டு மீதி 92,250 ஆனது. வங்கி மீதியில் தேறாத 22,000ஐக் கூட்டி, போடப்படாத 57,800ஐக் கழித்தால் 90,450. இன்னும் 1,800 இடித்தது.

1,800 ஒன்பதால் மிச்சமின்றிப் பிரியும். அப்படிப் பிரிந்தால் இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டதோ என்று முதலில் பார்ப்பது எங்கள் வழக்கம். அது உறுதியான விதியல்ல, தேட ஒரு திசை காட்டும், அவ்வளவுதான். காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டினோம். 6,450 ரூபாய்க்குக் கொடுத்த காசோலை காசேட்டில் 4,650 என்று விழுந்திருந்தது. காசோலை இலக்கத்தை மட்டும் பார்த்து அடையாளம் போட்டதால் தொகை தப்பிவிட்டது. திருத்தியதும் காசேடும் 90,450க்கு வந்தது.

பிறகு ஒரு தாளில் இப்படி எழுதினோம். இதற்குப் பெயர்தான் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று:

வங்கிக் கூற்றின்படி மீதி: 126,250
கூட்டுக: வைப்பிலிட்டுத் தேறாத காசோலை: 22,000
கழிக்க: கொடுத்து இன்னும் போடப்படாத காசோலைகள்: 57,800
திருத்திய காசேட்டின்படி மீதி: 90,450

அக்கா எண்ணியபடி ஒரு லட்சத்துக்குக் காசோலை எழுதி, அது முதலில் வங்கிக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? 26,250 மிஞ்சும். 22,000 தேறினால் 48,250. அடுத்து 42,000 காசோலை வந்தால் மிச்சம் 6,250தான். 15,800 ரூபாய்க் காசோலை பணமின்றித் திரும்பும். வங்கி அதற்கும் கட்டணம் அறவிடும். அதைவிட, அந்த விநியோகத்தர் அடுத்தமுறை காசைக் கையில் வைத்தால்தான் சாமான் இறக்குவார்.

சிலர் குறுக்குவழியாகக் காசேட்டு மீதியை வெட்டிவிட்டு வங்கி மீதியை எழுதி விடுகிறார்கள். என் பார்வையில், கொப்பியே எழுதாமல் இருப்பதைவிட இது மோசம். கொடுத்த காசோலைகள் அந்த நிமிடமே கணக்கில் காணாமற் போகின்றன, அவை வங்கிக்கு வரும் நாளில்தான் ஞாபகம் வரும்.

ஒக்டோபர் கூற்று வந்ததும் அக்கா முதலில் தேட வேண்டியது இந்த மூன்று காசோலைகளைத்தான். 22,000 வராவிட்டால் உடனே வங்கியில் விசாரிக்க வேண்டும். கொடுத்த காசோலை மாதக்கணக்கில் வராமல் கிடந்தால் விநியோகத்தரிடம் கேட்க வேண்டும், தொலைத்திருக்கவும் கூடும். திகதியிலிருந்து 6 மாதம் கடந்த காசோலைக்கு வங்கி பணம் கொடுக்காது. அப்போது அந்தத் தொகையைக் காசேட்டில் திரும்ப வரவு வைக்கலாம். விநியோகத்தருக்குக் கொடுக்க வேண்டிய கடன் மட்டும் அப்படியேதான் இருக்கும்.