காதில் விழும் பெயர், கண்ணில் படும் வரி

ஈரோட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறது. கடைப் பெயர், தாத்தா பெயரின் மூன்று முதலெழுத்துகளும் பின்னால் ‘டிரேடர்ஸ்’ என்பதும்தான். உள்ளூரில் அது போதும். செக்கு ஓடும் சத்தமும் எள்ளு வாசனையும் மிச்சத்தைச் சொல்லிவிடும். இணையதளத்தில் சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. சென்னையில் இருப்பவருக்கு அந்தப் பெயர் சிமெண்ட் கடையாகவும் இருக்கலாம், நூல் கடையாகவும் இருக்கலாம்.

அதனால் ஊரையும் தொழிலையும் சேர்த்து வைக்கலாம் என்றார்கள். முதலில் எழுதியது kangeyamchekku.in. காங்கேயத்தில்தான் செக்கு இருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொன்னேன்: மூன்று பேருக்குப் போன் போட்டுப் பெயரை ஒருமுறை மட்டும் சொல்லுங்கள், அவர்கள் ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பட்டும். ஒருவர் kangayamsekku என்றார், இன்னொருவர் kangeyamcheku என்றார், மூன்றாமவர் kangayamchekku என்றார். “ஏனுங்க, மூணு பேரும் மூணு விதமா அடிக்கறாங்களே!” என்று மலைத்துப்போனார் வீட்டுக்காரர்.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைக்கும்போது வருகிற சிக்கல் இதுதான். நம் ‘ச’ சிலருக்கு ch, சிலருக்கு s. ‘ழ’வுக்கு zh போடுபவரும் உண்டு, l போடுபவரும் உண்டு. நெடிலுக்கு a ஒன்றா இரண்டா என்று யாரும் முடிவு செய்து வைக்கவில்லை. ஊர்ப் பெயரே Kangeyam, Kangayam என்று இரண்டு விதமாக எழுதப்படுகிறது. இணைய முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறொரு முகவரி. வருகிறவர் வேறு யாருடைய கடையிலோ போய் நிற்பார். சொற்கள் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். salemmango என்று வைத்தால் நடுவில் வரும் இரண்டு m-இல் ஒன்றைப் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். நடுவில் சிறு கோடு போட்டால் படிக்க எளிது, ஆனால் போனில் ஒவ்வொரு முறையும் “நடுவுல ஒரு கோடு” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். .இந்தியா என்று முடியும் தமிழ் முகவரியும் வாங்கலாம்தான். ஆனால் போனில் தமிழ்த் தட்டச்சு வைத்திராத வாடிக்கையாளரை அது வாசலிலேயே நிறுத்திவிடும்.

கடைசியில் காங்கேயத்தை விட்டு, எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் Erode-ஐ எடுத்துக்கொண்டார்கள். ‘செக்கு’வை விட மனம் வரவில்லை, எனக்கும் அது சரியென்றே பட்டது. erodechekku, erodesekku என்ற இரண்டையும் வாங்கி, இரண்டாவதை அடித்தாலும் முதலாவதுக்கே வந்து சேரும்படி செய்வதென்று முடிவாயிற்று. கூடுதல் செலவு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். முதல் ஆண்டு விலை மலிவாகக் காட்டி, புதுப்பிக்கும்போது கூட்டுவார்கள்; புதுப்பிக்கும் விலையை முன்னமே பாருங்கள். அதே பெயரை வேறு யாராவது வணிகக் குறியாகப் பதிந்திருக்கிறார்களா என்றும் அரசு இணையதளத்தில் தேட வேண்டும். சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பில் வரும். பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். தளம் கட்டிக்கொடுப்பவர் தன் பெயரில் பதிந்துவிட்டு எண்ணை மாற்றிக்கொண்டால், முகவரியை மீட்பது பெரும்பாடு.

பெயர் காதுக்கு. பெயருக்குக் கீழே வரும் வரி கண்ணுக்கு. இவர்கள் முதலில் எழுதியது, “தரமே எங்கள் தாரக மந்திரம்.” அதைச் செல்போன் கடைக்குக் கீழே எழுதினாலும் பொருந்தும், டயர் கடைக்கும் பொருந்தும். அடுத்து, “ஆரோக்கியத்தின் ஊற்று.” அது தண்ணீர் கேன் விற்பவருக்கும் ஆகும். நோய் தீரும் என்கிற மாதிரி எழுதவும் ஆசைப்பட்டார்கள். உணவுப் பொருளுக்கு அப்படி விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. அதை அப்போதே அடித்துவிட்டோம்.

பிறகு வீட்டம்மாவிடம், “புதுசா வர்றவங்க போன்ல என்னங்க கேட்பாங்க?” என்றேன். “என்னென்ன எண்ணெய் இருக்கு, மரச்செக்கா மெஷினா, வீட்டுக்கு அனுப்புவீங்களா, இவ்வளவுதானுங்க” என்றார். அந்த மூன்று கேள்விக்கும் பதிலையே வரியாக்கினோம்: “மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய். வீட்டுக்கே அனுப்புகிறோம்.” செல்போன் திரையில் நீண்ட வரி பாதியில் வெட்டுப்படும், அதனால் ‘மரச்செக்கு’ முதலில் நிற்கிறது. நாளைக்கு நெய்யும் விற்றால் இந்த வரியை மாற்றிக்கொள்ளலாம். முகவரியைத் தொட வேண்டியதில்லை.

உங்கள் கடைக்கு எழுதிய வரியைப் பக்கத்துக் கடைப் பலகைக்குக் கீழே வைத்துப் படித்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால், அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.