செல்பேசிக்கும் கணினிக்கும் ஒரே மைன்கிராஃப்ட் சர்வர்

மைன்கிராஃப்ட் என்ற ஒரே பெயரில் உண்மையில் இரண்டு விளையாட்டுகள் இருக்கின்றன. கணினிகளில் மட்டும் ஓடும் ஜாவா பதிப்பு 2009-இல் வெளியுலகுக்கு வந்தது. 2011-இல் பாக்கெட் எடிஷன் என்ற பெயரில் செல்பேசியில் பிறந்து, 2017-இல் விண்டோஸ், கன்சோல் ஆகியவற்றையும் ஒன்றாக்கிக்கொண்டது பெட்ராக் பதிப்பு. முன்னது ஜாவா மொழியிலும் பின்னது சி++ மொழியிலும் எழுதப்பட்டவை. திரையில் தெரியும் மரமும் கல்லும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சர்வரோடு பேசும் விதத்தில் இரண்டுக்கும் ஒட்டே இல்லை. ஜாவா பதிப்பு டிசிபி வழியாக வழக்கமாக 25565 என்ற போர்ட்டில் பேசும். பெட்ராக் யுடிபி வழியாக 19132 என்ற போர்ட்டில் பேசும். அண்ணன் கணினியில் நடத்தும் ஜாவா சர்வருக்குள் தம்பி செல்பேசியிலிருந்து நுழைய முடியாததற்குக் காரணம் இதுதான்.

இந்த இடைவெளியை நிரப்பும் பிளகின் கெய்சர். திறமூல மென்பொருளான இதை ஸ்பிகாட், பேப்பர் போன்ற ஜாவா சர்வர்களில் `plugins` கோப்புறையில் போட்டு சர்வரை மறுபடி தொடங்கினால் போதும். இது இரண்டு விளையாட்டுகளையும் ஒன்றாகக் கலப்பதில்லை. சர்வர் முன்போலவே ஜாவா சர்வராகத்தான் இருக்கும். கெய்சர் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போல நடுவில் நின்று, செல்பேசி அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் ஜாவா செய்தியாக மாற்றித் தருகிறது; சர்வரின் பதிலைப் பெட்ராக் செய்தியாக மாற்றித் திருப்புகிறது. சர்வரின் கண்ணுக்கு அந்தச் செல்பேசி இன்னொரு ஜாவா கணினியாகவே தெரியும்.

இந்த மாற்றம் சொல்லுக்குச் சொல் மாற்றுவதைவிடக் கடினமானது. பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுப்பதைப் பார்த்தால் புரியும். செல்பேசி, ‘இந்தப் பொருளில் இத்தனையை இங்கிருந்து அங்கே மாற்று’ என்று கேட்கும். ஜாவா சர்வருக்கோ அப்படியொரு கோரிக்கையே தெரியாது. எந்தக் கட்டத்தில் எந்தச் சுட்டி பொத்தான் அழுத்தப்பட்டது என்பதுதான் அதற்கு வேண்டும். எனவே ஒரு கணினி ஆட்டக்காரர் அதே வேலையை எந்தெந்தச் சொடுக்குகளில் முடித்திருப்பார் என்று கெய்சர் கணக்கிட்டு, அந்தச் சொடுக்குகளை வரிசையாக அனுப்புகிறது.

அடுத்த சிக்கல் கணக்கு பற்றியது. ஜாவா சர்வர் ஒருவரை உள்ளே விடுமுன் அவர் ஜாவா பதிப்பை வாங்கியவர்தானா என்று சரிபார்க்கும். செல்பேசியில் மட்டும் விளையாடுபவரிடம் அந்தக் கணக்கு இருக்காது. கெய்சரின் துணைப் பிளகினான ஃப்ளட்கேட் இங்கே உதவுகிறது. சரிபார்ப்பை அது நீக்குவதில்லை. பெட்ராக் ஆட்டக்காரரின் எக்ஸ்பாக்ஸ் கணக்கு சரிபார்க்கப்பட்டிருந்தால் அதையே போதுமான அடையாளமாக ஏற்றுக்கொள்கிறது. ஆகவே `online-mode` என்பதை அணைத்துவிட்டுச் செல்பேசிக்காரர்களை உள்ளே விடலாம் என்று சிலர் தரும் யோசனை தேவையற்றது, ஆபத்தானதும்கூட. அதை அணைத்தால் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் நுழையலாம், நிர்வாகியின் பெயரிலும்.

ஒரு சிறிய பேப்பர் சர்வரை எடுத்துக்கொள்வோம். இரண்டு பிளகின்களையும் போட்டாகிவிட்டது. கெய்சரின் `config.yml` கோப்பில் இந்த வரி இப்படி இருக்கவேண்டும்:

```
auth-type: floodgate
```

இது `online` என்றே இருந்துவிட்டால், செல்பேசியில் நுழைபவரிடம் ஜாவா கணக்கு கேட்கப்படும். அந்தக் கேள்வி திரையில் வந்தால் தவறு இந்த வரியில்தான்.

KaviNila07 என்பவர் செல்பேசியிலிருந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வருக்குள் அவர் பெயர் `.KaviNila07` என்று முன்னால் ஒரு புள்ளியோடு தெரியும். ஜாவா பெயர்களில் புள்ளி வர முடியாது என்பதால், அதே பெயரில் ஒரு கணினி ஆட்டக்காரர் இருந்தாலும் குழப்பம் நேராது. பெயரில் இடைவெளி இருந்தால் அது அடிக்கோடாக மாறும். ஆளை அடையாளம் காட்டும் நீண்ட எண்ணான யுயுஐடி-யின் முதல் பாதி முழுக்கச் சுழியமாக இருக்கும். சர்வரில் அனுமதிப் பட்டியல் நடைமுறையில் இருந்தால், வழக்கமான கட்டளை ஜாவா கணக்குகளில் அவரைத் தேடும். அங்கே அவர் இல்லை. அதனால் ஃப்ளட்கேட்டின் சொந்தக் கட்டளையைப் பயன்படுத்தவேண்டும்:

```
fwhitelist add KaviNila07
```

பின்னாளில் அவர் ஜாவா பதிப்பை வாங்கிக் கணினியில் நுழைந்தால், யுயுஐடி வேறாக இருப்பதால் சர்வர் அவரைப் புதியவராகவே எண்ணும். சேர்த்த வைரமெல்லாம் பழைய கணக்கில் கிடக்கும். கணக்கு இணைப்பு வசதி இதற்காகத்தான். இணைத்தபின் செல்பேசியில் வந்தாலும் ஜாவா பெயரும் ஜாவா யுயுஐடி-யுமே அவருக்குரியதாகும்.

நடைமுறையில் அதிகம் பேரை அலைக்கழிப்பது போர்ட். கணினிக்காரர்கள் நன்றாக விளையாடிக்கொண்டிருப்பார்கள், செல்பேசியில் மட்டும் சர்வர் தென்படாது. பெரும்பாலும் டிசிபி திறந்திருக்கும், யுடிபி அடைத்திருக்கும். ஃபயர்வாலிலும் ரௌட்டரிலும் 19132-ஐ யுடிபி என்று குறிப்பிட்டே திறக்கவேண்டும். வெளியிலிருந்து அந்தப் போர்ட்டை எட்ட முடிகிறதா என்பதை `geyser connectiontest` என்ற கட்டளையோடு சர்வர் முகவரியைக் கொடுத்துச் சோதிக்கலாம். ஒரே ஒரு போர்ட் மட்டும் தரும் வாடகைச் சர்வர்களில், ஜாவாவின் போர்ட் எண்ணையே கெய்சருக்கும் கொடுத்துவிடலாம். ஒன்று டிசிபி, மற்றது யுடிபி என்பதால் மோதல் வராது. ஆனால் வாடகைக்கு விடுபவர் அந்த எண்ணில் யுடிபியையும் அனுமதித்திருக்கவேண்டும். செல்பேசிப் பட்டியலில் சர்வரின் பெயரும் ஆட்டக்காரர் எண்ணிக்கையும் தெரிந்து, நுழைய மட்டும் முடியவில்லை என்றால் பாதை திறந்தே இருக்கிறது. அப்போது கணக்கு அமைப்பையோ பதிப்பையோ பார்க்கவேண்டும்.

பதிப்புச் சிக்கல் திடீரென்றுதான் வரும். செல்பேசிச் செயலி இரவோடு இரவாகத் தானே புதுப்பித்துக்கொள்ளும். காலையில், சர்வர் பழையது என்ற செய்தியோடு வெளியே நிறுத்தப்படுவார்கள். சர்வரில் வேறு எதையும் தொடவேண்டாம், புதிய கெய்சர் கோப்பை மாற்றினால் போதும். ஜாவா சர்வர் பழைய பதிப்பில் இருந்தால் வியாவெர்ஷன் என்ற பிளகினும் தேவைப்படும், ஏனென்றால் கெய்சர் அண்மைய ஜாவா பதிப்பின் மொழியைத்தான் பேசும்.

உள்ளே வந்தபிறகும் எல்லாம் சமமாகிவிடாது. சர்வர் ஜாவாவினுடையது என்பதால் சட்டமும் ஜாவாவினுடையதுதான். பெட்ராக்கில் பிஸ்டன் பொருட்பெட்டியைத் தள்ளும், இங்கே தள்ளாது. அதை நம்பிக் கட்டிய ரெட்ஸ்டோன் பொறி இங்கே வேலை செய்யாது. சண்டையில் வித்தியாசம் இன்னும் உறைக்கும். 2016-இல் வந்த 1.9 பதிப்பு முதல் ஜாவாவில் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே பொறுக்கவேண்டும், இல்லாவிட்டால் அடி வலுவிழக்கும். பெட்ராக்கில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பழக்கத்தில் திரையை வேகவேகமாகத் தட்டுபவர், தன் வாள் ஏன் வலுவற்றிருக்கிறது என்று தெரியாமல் தோற்பார். காத்திருக்கவேண்டிய நேரத்தைத் திரையில் காட்டும் வசதி கெய்சரில் உண்டு. அதைப் புதியவர்களுக்குச் சர்வர் நடத்துபவர் எடுத்துச்சொல்வது நல்லது. இடக்கையில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருள்களும் பெட்ராக்கில் சிலவே. பொருளைக் கைமாற்ற `/geyser offhand` என்று தட்டச்சு செய்யவேண்டும், ஓடும் சண்டையின் நடுவே அது எளிதல்ல.

ஏமாற்றுத் தடுப்புப் பிளகின்கள் வேறொரு தொல்லை. பெட்ராக்கில் நடையும் குதிப்பும் ஜாவாவிலிருந்து நுணுக்கமாக வேறுபடுகின்றன. ஜாவா அளவுகோலில் சோதிக்கும் பிளகின், நேர்மையாக ஓடும் செல்பேசிக்காரரை ஏமாற்றுக்காரர் என்று பிடித்துப் பின்னுக்கு இழுக்கும். ஓடும்போது ஒருவர் அடிக்கடி பழைய இடத்துக்கே திரும்பினால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான். பெட்ராக் ஆட்டக்காரர் யார் என்பதைப் பிற பிளகின்கள் ஃப்ளட்கேட்டிடம் கேட்டு அறியலாம் என்பதால், அவர்களுக்கு மட்டும் நகர்வுச் சோதனையைத் தளர்த்த முடியும். அப்படித் தளர்த்தினால் செல்பேசியிலிருந்து உண்மையாகவே ஏமாற்றுபவரும் தப்பிவிடுவார். நண்பர்கள் கூடிக் கட்டடம் எழுப்பும் சர்வரில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பரிசுக்காக மோதும் போட்டிச் சர்வரில் இரு தரப்பையும் தனித்தனிக் களத்தில் விடுவதே நியாயம்.