வங்கிச் செயலி அசலா, போலியா? நிறுவும் முன் பார்க்க வேண்டியவை

போலி வங்கிச் செயலியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். வங்கியின் சின்னமும் நிறமும் பெயரும் இணையத்தில் யாருக்கும் கிடைப்பவை. அவற்றை எடுத்து ஒட்டிவிட்டால் முகப்புத் திரை அசலைப் போலவே அமைந்துவிடும். ஆகவே தோற்றத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. செயலி எந்த வழியாகக் கைப்பேசிக்கு வருகிறது, அதை வெளியிட்டவர் யார் என்ற இரண்டையும்தான் சரிபார்க்க வேண்டும்.

இந்தியாவில் போலிச் செயலிகள் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகவோ குறுஞ்செய்தி இணைப்பாகவோ வருகின்றன. 2024இல் ஸ்டேட் வங்கி வாடிக்கையாளர்கள் பலருக்கு இப்படி ஒரு செய்தி வந்தது. சேர்ந்திருக்கும் ரிவார்டு புள்ளிகள் காலாவதியாகப் போகின்றன, கீழே உள்ள கோப்பை நிறுவிப் பணமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றது அது. கோப்பின் பெயர் .apk என்று முடிந்தது. ஸ்டேட் வங்கி இப்படி இணைப்போ ஏபிகே கோப்போ அனுப்புவதில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் எச்சரிக்கை வெளியிட்டது.

ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு செயலி அடங்கிய கோப்பு. ப்ளே ஸ்டோரைத் தவிர்த்து நேரடியாக நிறுவ இது பயன்படுகிறது. அப்படி நிறுவும்போது ‘Install unknown apps’ என்ற அனுமதியைக் கைப்பேசி கேட்கும். வாட்ஸ்அப்போ பிரவுசரோ ஒரு செயலியை நிறுவ இசைவு உண்டா என்பதே அந்தக் கேள்வி. வங்கிச் செயலி ஒன்றுக்காக இந்தத் திரை வந்தால், மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டியதில்லை. அங்கேயே நிறுத்திவிடலாம்.

நிறுவிவிட்டால் அடுத்து நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைச் செயலி கேட்கும். பிறகு கேஒய்சி அல்லது ரிவார்டு படிவம் என்ற பெயரில் கணக்கு விவரத்தையும் கார்டு விவரத்தையும் வாங்கிக்கொள்ளும். அந்த விவரங்களை வைத்து மோசடிக்காரர் வேறொரு இடத்திலிருந்து பரிவர்த்தனையைத் தொடங்குவார். வங்கி அனுப்பும் ஓடிபி வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு வந்ததும், போலிச் செயலி அதைப் படித்து அவருக்கு அனுப்பிவிடும். ‘ஓடிபியை யாருக்கும் சொல்லவில்லையே, பணம் எப்படிப் போனது?’ என்று பலர் திகைப்பதன் காரணம் இதுதான்.

அசல் செயலியை அடையப் பாதுகாப்பான வழி வங்கியின் இணையதளத்திலிருந்து தொடங்குவது. அந்த முகவரியையும் தேடுபொறி காட்டும் விளம்பரத்திலிருந்து எடுக்காமல், தானே தட்டச்சு செய்ய வேண்டும். இதை எளிதாக்க ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. வங்கிகள் தங்கள் தளங்களை 2025 அக்டோபர் 31க்குள் bank.in என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்றது அது. வங்கி அல்லாதவர் இந்த முகவரியைப் பதிவு செய்ய முடியாது. ஸ்டேட் வங்கியின் தளம் இப்போது sbi.bank.in. முகவரியில் https:// போக, முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதி முன்புள்ளியோடு .bank.in என்று முடிகிறதா என்பதே பார்க்க வேண்டியது. sbi.bank.in.example.com என்பதில் bank.in நடுவில்தான் இருக்கிறது. அந்த முகவரியின் உரிமையாளர் example.com; வங்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வங்கி அல்லாத பணப் பரிமாற்றச் செயலிகளுக்கு bank.in கிடையாது. யுபிஐ சேவை வழங்க அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியலைத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் npci.org.in தளத்தில் வெளியிடுகிறது. அதில் ஒரு பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம்.

வங்கித் தளத்தில் உள்ள இணைப்பு ப்ளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தைத் திறக்கும். ஸ்டோரில் பெயரைத் தேடிப் போவதைவிட இது நல்லது. தேடலில் ‘Sponsored’ என்ற குறிப்போடு வேறொரு செயலி முதலிடத்தில் வரக்கூடும். ஸ்டோரில் இருப்பதாலேயே ஒரு செயலி அசலாகிவிடாது என்பதற்கு பீம் செயலியே சான்று. 2016 டிசம்பர் 30இல் அது வெளியான சில நாட்களிலேயே, அதே பெயரை ஒட்டிய பல செயலிகள் ப்ளே ஸ்டோரில் முளைத்தன.

செயலியின் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது, பெயருக்குக் கீழே உள்ள வெளியீட்டாளர் பெயர். அடுத்து ‘About this app’ பகுதியில் பதிவிறக்க எண்ணிக்கையும் வெளியான தேதியும் இருக்கும். கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் உள்ள வங்கியின் செயலி சென்ற வாரம் வெளியாகிச் சில ஆயிரம் பேரால் மட்டும் பதிவிறக்கப்பட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். நட்சத்திர மதிப்பீட்டையும் பாராட்டுரைகளையும் காசு கொடுத்து வாங்க முடியும் என்பதால் அவற்றைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

இவற்றைவிட உறுதியான அடையாளம் செயலியின் உட்பெயர். ப்ளே ஸ்டோர் பக்கத்தின் முகவரியில் id= என்பதற்குப் பின் வருவது அது. போன்பேவுக்கு com.phonepe.app. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள யோனோ எஸ்பிஐக்கு com.sbi.lotusintouch. இரண்டாவதைப் பார்த்தால் வங்கியின் பெயராகவே தோன்றாது; ஆனாலும் அதுதான் அசல். எனவே உட்பெயர் ‘பொருத்தமாக’ இருக்கிறதா என்று ஊகிக்கக் கூடாது. வங்கித் தளத்தின் இணைப்பில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்றே பார்க்க வேண்டும். ப்ளே ஸ்டோருக்குள் ஓர் உட்பெயர் ஒரு செயலிக்கு மட்டுமே உரியது. வெளியிலிருந்து வரும் ஏபிகே கோப்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதில் எந்த உட்பெயரையும் எழுதிவிடலாம்.

‘வங்கிச் செயலியை அப்டேட் செய்யுங்கள்’ என்று வரும் கோப்புகளை ஆண்ட்ராய்டே காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு செயலியும் அதை வெளியிட்டவரின் மின்னணுக் கையொப்பத்தோடு வருகிறது. அதே கையொப்பம் இல்லாத கோப்பால் ஏற்கெனவே இருக்கும் செயலியின் இடத்தைப் பிடிக்க முடியாது. ஆகவே மோசடிக்காரரின் ‘அப்டேட்’ நிறுவப்படாமல் நின்றுவிடும், அல்லது வேறொரு செயலியாகத் தனியே உட்காரும். அப்டேட்டுக்குப் பின் ஒரே வங்கிக்கு இரண்டு சின்னங்கள் தெரிந்தால் புதிதாக வந்தது போலி.

ஏற்கெனவே உள்ள செயலியைப் பற்றி ஐயம் இருந்தால், அமைப்புகளில் அதன் தகவல் பக்கத்தைத் திறந்து கடைசி வரை செல்ல வேண்டும். அது எங்கிருந்து நிறுவப்பட்டது என்று அங்கே எழுதியிருக்கும். ப்ளே ஸ்டோரின் பெயரோ, கைப்பேசி நிறுவனத்தின் ஸ்டோர் பெயரோ இல்லையென்றால் அதை நம்பக் கூடாது.

போலியை நிறுவிவிட்டது தெரிந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்து, சிம் கார்டைக் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் ஓடிபி வெளியேறுவது நிற்கும். பிறகு வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் செய்ய வேண்டும். செயலியை நீக்கினால் மட்டும் போதாது, ஏனெனில் சில போலிகள் சின்னத்தை மறைத்துக்கொள்ளும், வேறொரு செயலியையும் கூடவே நிறுவியிருக்கும். கைப்பேசியை முழுவதுமாக ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவதே நல்லது.

புகாரில் தாமதம் கூடாது என்பதற்கு விதியிலேயே காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவர் தலையிலேயே விழும். தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்புக்கு வங்கியே பொறுப்பு.