வேண்டாத வேலைக்கு ஓயாத அழைப்பா?

சென்னையில் எட்டு வருடமாக ஜாவா எழுதுபவருக்கு, ஒரே கன்சல்டன்சியிலிருந்து வாரம் தவறாமல் டெஸ்டிங் வேலைக்கு அழைப்பு. காரணம், ஆரம்ப காலத்தில் நௌக்ரி புரொஃபைலில் போட்ட ‘மேனுவல் டெஸ்டிங்’ என்ற சொல். ரெக்ரூட்டர்கள் பெரும்பாலும் சொல்லை வைத்துத்தான் தேடுகிறார்கள். அது எந்தக் காலத்து அனுபவம் என்று பார்ப்பதில்லை. முதலில் அதை நீக்குங்கள்.

பிறகு ஒரு மெயில். “வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரமும் போன் வரும். இப்படி எழுதலாம்:

“வணக்கம் மேடம். டெஸ்டிங், சப்போர்ட் வேலைகளுக்கு இனி என்னை அழைக்க வேண்டாம். ஜாவா பேக்எண்ட், சென்னை அல்லது வீட்டிலிருந்து வேலை, 22 லட்சத்துக்குக் குறையாத சம்பளம் என்றால் மட்டும் மெயில் அனுப்புங்கள். இதை உங்கள் பதிவிலும் குறித்துவிடுங்கள். நன்றி.”

கடைசிக்கு முந்தைய வரிதான் முக்கியம். அதே அலுவலகத்தில் வேறொருவர் அதே பட்டியலைத் திறப்பார். குறிப்பு இருந்தால்தான் அவருக்குத் தெரியும். அப்படியும் அழைப்பு நிற்காவிட்டால், பழைய மெயிலையே அவருடைய டீம் லீடுக்கு அனுப்புங்கள். எண்ணை பிளாக் செய்வதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று டெஸ்டிங்குக்கு ஆள் தேடுபவர் கையில் நாளை நீங்கள் கேட்கும் வேலையே இருக்கலாம்.