2010-லேயே நின்றுவிட்ட மடிக்கணினி

கும்பகோணத்தில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. பேரனும் பேத்தியும் டொரண்டோவில் இருக்கிறார்கள். போனில் பேசாமல் இல்லை. ஆனால் பேத்தி தமிழ் எழுதிய நோட்டைத் தூக்கிக் காட்டினால், அந்தச் சின்னத் திரையில் எழுதியது ‘ண’வா ‘ன’வா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. 2025 ஜூலையில் எனக்கு அழைப்பு வந்தது. “அவன் காலேஜ்ல வெச்சிருந்த லேப்டாப் பரண்ல கிடக்கு. அதுல பேச முடியுமான்னு வந்து பாரேன்.”

2011-இல் வாங்கிய மடிக்கணினி அது. உள்ளே விண்டோஸ் 7, இரண்டு ஜி.பி. ராம். சார்ஜர் செருகியே இருந்தால்தான் ஓடும். அது பரவாயில்லை, மேசையை விட்டு அது எங்கும் போகப்போவதில்லை. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் NET::ERR_CERT_DATE_INVALID என்று திரையில் வந்து நின்றது. டீச்சர் வைஃபையைச் சந்தேகப்பட்டார். நான் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். 2010 ஜனவரி 1.

ஒவ்வொரு இணையதளமும் ‘நான் அசல்தான்’ என்று ஒரு சான்றிதழைக் காட்டும். அது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைதான் செல்லும். இதைச் சொன்னதும் டீச்சர் சிரித்தார். “2010-ல இருக்கிறவன்கிட்ட 2025-ல எழுதின டி.சி.யை நீட்டினா வாங்குவானா?” அவ்வளவுதான் விஷயம். தேதியைத் திருத்தினோம், தளங்கள் திறந்தன. மறுநாள் பிளக்கைப் பிடுங்கி மாட்டியதும் மறுபடி 2010. உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் சில்லறைக் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. சிஆர்2032 என்று கடையில் கேட்டால் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். சில மாடல்களில் அது ஒயரோடு வரும் என்பதால் மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றினேன்.

அடுத்து மென்பொருள். திரையில் மகன் எப்போதோ போட்டுவைத்த ஸ்கைப் இருந்தது. அந்தச் சேவையையே 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். வாட்ஸ்அப்பின் கணினிச் செயலிக்கு விண்டோஸ் 10-ஆவது வேண்டும். விண்டோஸ் 7-க்கான குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் கூகுள் கணக்கைத் திறந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ராமை நான்கு ஜி.பி. ஆக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுவது என்று முடிவு செய்தோம். பழைய கணினிகளுக்கு ஏற்ற இலகுவான பதிப்பு அது. 64 பிட் பிராசசர் மட்டும் அவசியம்.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. 8 ஜி.பி. பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்கைத் தொட வேண்டியதே இல்லை. அப்படி ஓட்டிக் கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றையும் சோதித்தோம். வைஃபை மட்டும் வரவில்லை. போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து, ‘டிரைவர் மேனேஜர்’ காட்டிய டிரைவரைப் போட்டதும் சரியானது. பிறகு மகனின் கல்யாணப் போட்டோக்களை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தோம். அதன் பிறகே மின்ட்டை நிரந்தரமாகப் பதித்தேன். பதிக்கும்போது பழையதெல்லாம் அழிந்துவிடும்.

வீடியோ அழைப்புக்கென்று தனியாக எதையும் போடவில்லை. மின்ட்டோடு வரும் ஃபயர்பாக்ஸில் meet.google.com போதும். கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்கும்போது Allow அழுத்த வேண்டும். முதல் நாள் டீச்சர் பயந்துபோய் வேறு பொத்தானை அழுத்திவிட்டார். அங்கே பேரன், “பாட்டி, நீங்க கறுப்பா இருக்கீங்க” என்றான். முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் கேமரா குறியைத் தொட்டு அந்தத் தடையை நீக்கினேன்.

பத்து நிமிடத்தில் விசிறி இரைந்தது, படம் தத்தித் தத்தி வந்தது. இணையத்தைத் திட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரலும் வெட்டி வெட்டி வந்தால் பெரும்பாலும் இணையத்தில்தான் கோளாறு. குரல் தெளிவாக இருந்து படம் மட்டும் திணறினால், வரும் படத்தை விரித்துக் காட்ட பழைய பிராசசரால் முடியாமல் இருக்கலாம். இங்கே குரலில் குறையே இல்லை. மீட்டின் அமைப்பில் அனுப்பும் படம், வரும் படம் இரண்டையும் 360p-க்கு இறக்கினோம். விசிறி அடங்கியது. படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் பதினைந்தரை அங்குலத் திரையில் நோட்டின் ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று எண்ண முடிந்தது. அங்கே பேசுவது இங்கே ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குள் புகுந்து எதிரொலித்ததால், டீச்சருக்கு ஒரு ஹெட்போனும் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு வகுப்பு. அங்கே அப்போது காலை எட்டரை. நவம்பர் முதல் ஞாயிறன்று கனடாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவதால், அதன் பிறகு மார்ச் வரை வகுப்பு இங்கே ஏழு மணிக்கு.