கடனில் வாங்கிய கார் காணாமல் போனால் காப்பீட்டுப் பணம் யாருக்கு?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர் வங்கிக் கடனில் கார் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் தவணை கட்டிய பிறகு, ஒரு நாள் காலையில் வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைக் காணவில்லை. காப்பீடு இருக்கிறது, பிரீமியமும் அவர்தான் கட்டியிருக்கிறார். ஆனால் கிளெய்ம் முடிந்து வரும் பணத்தில் முதல் உரிமை அவருக்கு இல்லை. வங்கி தன் பாக்கியை எடுத்துக்கொண்ட பிறகு ஏதாவது மிஞ்சினால்தான் அது அவர் கைக்கு வரும். மிஞ்சாவிட்டால், இல்லாத காருக்கு அவர் தொடர்ந்து பணம் கட்ட வேண்டியிருக்கும்.

இது எப்படி நடக்கிறது, மிஞ்சுமா மிஞ்சாதா என்பதை எது தீர்மானிக்கிறது என்பதைக் கடனில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆர்.சி.யில் ஒரு வரி, பாலிசியில் ஒரு வரி

வாகனக் கடனில் நாம் வங்கியிடம் வண்டியை ஒப்படைப்பதில்லை. வண்டி நம்மிடமே இருக்கும், நம் பெயரிலேயே பதிவாகும். ஆனால் அது அந்தக் கடனுக்கு ஈடு. இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஹைபாத்திகேஷன் என்று பெயர். ஷோரூமிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் சுருக்கமாக ஹெச்.பி. என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி இது பதிவுச் சான்றில் ஏறுகிறது. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும்வரை, அதன் சம்மதம் இல்லாமல் வண்டியை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது.

இதே விவரம் காப்பீட்டுப் பாலிசியிலும் இருக்கும். இந்தியாவில் மோட்டார் பாலிசிகளோடு இணைக்கப்படும் மேலொப்பங்களுக்கு எண்கள் உண்டு. ஈடாக உள்ள வண்டிக்கானது ஐ.எம்.டி. 7. பழுது பார்த்தோ பாகங்களை மாற்றியோ சரிசெய்ய முடியாத இழப்பு வண்டிக்கு ஏற்பட்டால், உரிமையாளருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கடன் கொடுத்தவருக்குத் தர வேண்டும் என்பதே அதன் சாரம். வங்கி அதைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டால், அந்த இழப்பைப் பொறுத்தவரை காப்பீட்டு நிறுவனத்தின் கடமை முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ‘சரிசெய்ய முடியாத இழப்பு’ என்பதைத்தான். வங்கியின் உரிமை எல்லா கிளெய்முக்கும் பொருந்தாது.

வங்கி தலையிடாத பணம்

சிக்னலில் பின்னால் வந்த லாரி இடித்து டிக்கி நசுங்கிவிட்டது, ரூ.40,000 செலவாகும் என்றால் வங்கிக்கு அதில் வேலை இல்லை. கேஷ்லெஸ் வசதியுள்ள ஒர்க்ஷாப்பில் விட்டால் காப்பீட்டு நிறுவனம் ஒர்க்ஷாப்புக்கு நேரடியாகப் பணம் கொடுத்துவிடும். வேறு இடத்தில் நாமே செலவழித்துச் சரிசெய்தால், பில்லைக் கொடுத்து நாம் வாங்கிக்கொள்ளலாம். வண்டி பழைய நிலைக்கு வந்துவிட்டால் வங்கியின் ஈடும் அப்படியே இருக்கிறது. ‘சரிசெய்யவில்லை, பணமாகக் கொடுத்துவிடுங்கள்’ என்று கேட்டால் மட்டும் நிலைமை மாறும். அப்போது ஈட்டின் மதிப்பு குறைகிறது என்பதால், வங்கியின் சம்மதக் கடிதம் இல்லாமல் அந்தப் பணம் உரிமையாளருக்கு வராது.

நம் வண்டி இடித்து இன்னொருவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால், அந்த இழப்பீடு பாதிக்கப்பட்டவருக்குப் போகும். வங்கிக்கு அதில் உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. ஈடாக உள்ள வண்டியைக் கையில் வைத்திருப்பவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்பதை உச்ச நீதிமன்றமும் 2014இல் உறுதிசெய்திருக்கிறது.

உரிமையாளரே ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தால் கிடைக்கும் ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் ஐ.எம்.டி. 7 பொருந்தாது. அந்த விஷயத்தில் பாலிசியில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று அந்த மேலொப்பமே சொல்கிறது. அந்தப் பணம் நாமினிக்கு உரியது. குடும்பத்தார் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். கார் கடன் பாக்கி இருப்பதால் இதுவும் வங்கிக்குத்தான் போகும் என்று நினைத்து கேட்காமலே விட்டுவிடக் கூடாது.

வங்கி முதலில் எடுக்கும் பணம்

வண்டி திருட்டுப் போவது ஒன்று. முழுதாக எரிந்துபோவது இன்னொன்று. மூன்றாவது, பழுது பார்க்கும் செலவு பாலிசியில் எழுதிய மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டுவது. வெள்ளத்தில் டேஷ்போர்டு வரை மூழ்கிய பல கார்கள் இந்த மூன்றாவது வகையில்தான் ‘டோட்டல் லாஸ்’ ஆகின்றன.

பாலிசியில் எழுதிய அந்த மதிப்புதான் ஐ.டி.வி. முழு இழப்பில் கிடைக்கும் பணத்தின் உச்சவரம்பு அதுவே. வண்டியின் ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்து அது வருகிறது. ஒரு வயதைத் தாண்டிய வண்டிக்கு 20 சதவீதம், இரண்டைத் தாண்டினால் 30, மூன்றைத் தாண்டினால் 40, நான்கைத் தாண்டினால் 50 என்பது கணக்கு. சாலை வரி, பதிவுக் கட்டணம், முதல் வருடப் பிரீமியம் எதுவும் இதில் சேராது.

திருப்பூர்க்காரரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காரின் ஷோரூம் விலை ரூ.8 லட்சம். வரியெல்லாம் சேர்ந்து ரூ.9 லட்சத்தைத் தாண்டியது. அதில் ரூ.7.5 லட்சம் கடன், வட்டி 9.5 சதவீதம், காலம் ஐந்து வருடம். மாதத் தவணை சுமார் ரூ.15,750. 24 தவணை கட்டி முடித்தபோது அசல் பாக்கி ஏறத்தாழ ரூ.4.92 லட்சம்.

மூன்றாவது வருடப் பாலிசியில் ஐ.டி.வி. ரூ.5.60 லட்சம். 1500 சி.சி.க்கு உட்பட்ட காருக்குக் கட்டாயப் பிடித்தம் ரூ.1,000 போக ரூ.5.59 லட்சம் கிடைக்கும். வங்கி ரூ.4.92 லட்சத்தை எடுத்துக்கொள்ளும். அவருக்கு மிஞ்சுவது ரூ.67,000.

இதே கடனை அவர் ஏழு வருடத்துக்கு வாங்கியிருந்தால் தவணை ரூ.12,260 அளவுக்குக் குறைந்திருக்கும். ஆனால் 24 மாதம் கழித்து பாக்கி ரூ.5.84 லட்சம். காப்பீட்டுப் பணம் முழுவதும் வங்கிக்குப் போன பிறகும் சுமார் ரூ.25,000 கடன் நிற்கும். அதை அவர்தான் கட்ட வேண்டும். கார் போய்விட்டது என்பதால் கடன் ஒப்பந்தம் முடிந்துவிடாது.

ஐந்து வருடக் கடனிலும் இந்தப் பள்ளம் விழலாம். புதுப்பிக்கும்போது பிரீமியத்தில் சில நூறு ரூபாய் குறையும் என்று ஐ.டி.வி.யை ரூ.4.70 லட்சமாக இறக்கியிருந்தால், மிஞ்ச வேண்டிய இடத்தில் ரூ.23,000 துண்டு விழும். ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் பாதுகாப்பு இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் இருக்கிறது. தேய்மானம் கழிக்காமல் வாங்கிய விலையைத் தருவது அது. வண்டி புதிதாக இருக்கும் முதல் சில வருடங்களுக்கு மட்டுமே கிடைக்கும். நீண்ட காலக் கடனில் முன்பணம் குறைவாகக் கட்டியவர்களுக்கு அது உண்மையிலேயே தேவை.

பணம் வந்து சேரும் வழி

திருட்டு தெரிந்தவுடன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். வாங்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம், வங்கி, ஆர்.டி.ஓ. மூன்றுக்கும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறையின் இறுதி அறிக்கை வந்தால்தான் கிளெய்ம் நகரும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். வண்டியின் இரண்டு சாவிகள், ஆர்.சி., கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவங்கள் ஆகியவற்றையும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். பிற்காலத்தில் வண்டி கிடைத்தால் அது நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதே காரணம்.

கடைசிக் கட்டத்தில் வங்கியிடமிருந்து பாக்கிக் கடிதம் வாங்க வேண்டும். அதைப் பார்த்து, பாக்கித் தொகையைக் கடன் கணக்குக்கும் மீதியை உரிமையாளருக்கும் பிரித்து அனுப்புவது ஒரு முறை. முழுத் தொகையையும் வங்கிக்கே அனுப்பி, மீதியை வங்கி திருப்பித் தருவது இன்னொரு முறை. இரண்டாவது முறை என்றால் கடன் முடிந்த கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கி, மீதி சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும்.

கிளெய்ம் நடக்கும் மாதங்களில் தவணையை நிறுத்திவிடுவதுதான் பலரைக் கெடுக்கிறது. ரூ.4.92 லட்சம் பாக்கிக்கு மாத வட்டியே சுமார் ரூ.3,900. ஆறு மாதம் கட்டாமல் விட்டால் மிஞ்ச வேண்டிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டியாகவே கரையும். அபராதம் தனி. சிபிலிலும் கறை விழும். கட்டிக்கொண்டே வந்தால் அந்தப் பணம் வீணாவதில்லை. பாக்கி குறையக் குறைய, கடைசியில் நம் பங்கு கூடும்.

காப்பீடு இருப்பதாக நினைத்திருப்பவர்கள்

2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று வருடமும் இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருடமும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆனால் நம் வண்டிக்கான சொந்தச் சேதப் பாதுகாப்பு பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் கொடுக்கப்படுகிறது. பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். தூரத்தில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு ‘இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. இரண்டாம் வருடத்தில் வண்டி திருட்டுப் போனால் ஒரு ரூபாயும் வராது, கடன் மட்டும் முழுதாக நிற்கும். கடன் தீரும்வரை முழுக் காப்பீட்டைப் புதுப்பித்து வைக்க வேண்டியது கடன் வாங்கியவரின் கடமை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். வங்கி பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது.

கடன் முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. வங்கி தரும் என்.ஓ.சி.யையும் படிவம் 35ஐயும் ஆர்.டி.ஓ.வில் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து ஹெச்.பி.யை நீக்க வேண்டும். அந்த என்.ஓ.சி.க்கு வங்கிகள் பெரும்பாலும் காலவரம்பு வைக்கின்றன. தவறினால் மறுபடி வாங்க அலைய வேண்டும். அடுத்து, புதிய ஆர்.சி.யைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிப் பாலிசியிலும் வங்கியின் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாதவரின் வண்டி பிறகு திருட்டுப் போனால், ஒரு ரூபாய் கடன் இல்லாதபோதும் காப்பீட்டு நிறுவனம் வங்கியின் கடிதத்தைக் கேட்டு நிற்கும்.

ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் நாளில், வங்கியிலிருந்து கடன் பாக்கியைக் கேட்டு வாங்கிப் புதிய பாலிசியின் ஐ.டி.வி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐ.டி.வி. பெரிதாக இருந்தால் வித்தியாசம் உங்களுடையது. பாக்கி பெரிதாக இருந்தால், பிரீமியம் கட்டுவதற்கு முன்பே ஐ.டி.வி.யை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு உயர்த்திக் கேளுங்கள். கூடுதல் பாதுகாப்பு கிடைக்குமா என்று விசாரியுங்கள். முடிந்தால் அசலில் கொஞ்சம் முன்கூட்டியே கட்டிவிடுங்கள்.