ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:320

மூட்டுவலி, அசதி, முடி உதிர்தல் என்று டாக்டரிடம் போகிறவர்களின் கையில் இப்போது அடிக்கடி ஒரு வரி வந்து சேர்கிறது: 'ஏ.என்.ஏ. இம்யூனோஃப்ளூரசன்ஸ், பாசிட்டிவ், 1:320, ஹோமோஜீனியஸ்.' அன்றிரவே செல்போனில் தேடுகிறார்கள். லூபஸ் என்ற பெயர் திரையில் வருகிறது, தூக்கம் போய்விடுகிறது. ஒரு வாரம் கழித்து சிறப்பு மருத்துவரைப் பார்க்கும்போது பாதிப் பேருக்கு மூட்டுவலியைவிட அந்த வரிதான் பெரிய நோயாகியிருக்கிறது. அந்த வரி எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்தால் அதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதும் தெரியும்.

நம் உடம்பு கிருமிகளுக்கு எதிராக ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது. சிலருக்கு அவற்றில் சில, சொந்த செல்லின் உட்கருவில் உள்ள பொருள்களையே பிடித்துக்கொள்கின்றன. அவைதான் ஏ.என்.ஏ. அவற்றைக் கண்டுபிடிக்கும் முறை எளிமையானது. ஒரு கண்ணாடி ஸ்லைடில் ஹெப்-2 என்ற மனிதப் புற்றுநோய் செல்கள் ஒட்டி உலர்த்தப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தை நீர்த்து ஒரு சொட்டு அதன்மேல் விட்டு, ஈரப்பதமான மூடிய பெட்டியில் அரை மணி நேரம் வைப்பார்கள். உட்கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். மீதி, கழுவும்போது போய்விடும். பிறகு இரண்டாவது சொட்டு. மனித ஆன்டிபாடியைப் பிடிக்கக்கூடிய, பச்சை ஒளி தரும் சாயம் கட்டிய ஒரு புரதம் அதில் இருக்கிறது. இருட்டில் இன்னொரு அரை மணி நேரம். மறுபடி கழுவி, நீல ஒளி பாய்ச்சும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஆன்டிபாடி ஒட்டிய இடமெல்லாம் ஆப்பிள் பச்சையில் ஒளிரும்.

ஒளிர்கிறதா, எந்த இடத்தில், எந்த வடிவில் என்பதை ஒரு மனிதக் கண் தீர்மானிக்கிறது. பல பெரிய லேப்களில் இப்போது கேமராவும் கணினியும் துணைக்கு இருக்கின்றன. ஆனாலும் கையெழுத்துப் போடுபவர் பார்த்துத்தான் போடுகிறார்.

அடுத்து அந்த எண். 1:80 என்றால் ஒரு பங்கு சீரம், மொத்தம் எண்பது பங்கு ஆகும்வரை நீர்க்கப்பட்டது. அப்படியும் ஒளிர்ந்தால் இன்னும் இரட்டிப்பாக நீர்ப்பார்கள்: 1:160, 1:320, 1:640. எந்த நீர்ப்பில் கடைசியாக ஒளி தெரிகிறதோ அதுவே டைட்டர். ஆக, 160-க்கும் 320-க்கும் இடையே இருப்பது ஒரே ஒரு படி. விளக்கு சற்று மங்கினாலும், சாயத்தின் பேட்ச் மாறினாலும், பார்ப்பவர் மாறினாலும் அந்த ஒரு படி மாறக்கூடும். மதுரையில் ஒரு லேபில் 160, சென்னையில் இன்னொரு லேபில் 320 என்று வந்தால் நோய் கூடிவிட்டது என்று பொருளில்லை. இரண்டும் ஒரே முடிவுதான். 80-லிருந்து 1280 என்று நாலு படி ஏறினால் அது வேறு விஷயம்.

இனி வடிவம். ஹெப்-2 செல்லின் உட்கரு பெரியது, படிக்க வசதி. இன்னொரு நன்மையும் உண்டு: ஸ்லைடில் அங்கங்கே செல்கள் பிரிந்துகொண்டிருக்கும் நிலையிலேயே நின்றுபோயிருக்கும். அவற்றில் குரோமோசோம்கள் செல்லின் நடுவே ஒரு பட்டையாக அடுக்கி நிற்கும். ஸ்லைடு படிக்கத் தெரிந்தவர் சும்மா இருக்கும் செல்களைப் பார்த்த கையோடு இந்தப் பிரியும் செல்களைத் தேடுவார். பாதித் தீர்ப்பு அங்கேதான் கிடைக்கும்.

உட்கரு முழுக்க ஒரே சீராக ஒளிர்ந்து, பிரியும் செல்லின் பட்டையும் பளிச்சென்று ஒளிர்ந்தால் ஹோமோஜீனியஸ். டி.என்.ஏ.வையும் அதைச் சுற்றியிருக்கும் புரதங்களையும் பிடிக்கும் ஆன்டிபாடிகள் இப்படிக் காட்டும். லூபஸ் நோயில் இது அதிகம். உட்கருவில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் தெரிந்து, பிரியும் செல்லின் பட்டை இருண்டு கிடந்தால் ஸ்பெக்கிள்ட். லூபஸ், வாயும் கண்ணும் உலர்ந்துபோகும் ஷோக்ரன் நோய் எனப் பலவற்றில் வருவது இது. நோயே இல்லாதவர்களிடமும் வரும். உட்கருவுக்குள் இருக்கும் சின்ன உருண்டை மட்டும் ஒளிர்ந்தால் நியூக்ளியோலார். தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மாவை யோசிக்க வைக்கும். எல்லாவற்றிலும் தெளிவானது சென்ட்ரோமியர் வடிவம். உட்கருவில் நாற்பது அறுபது புள்ளிகள் எண்ணுகிற மாதிரி தனித்தனியாய் மின்னும். பிரியும் செல்லில் அதே புள்ளிகள் நடுப்பட்டையில் அணிவகுத்து நிற்கும். குளிரில் விரல் வெளுத்து நீலம் பாயும் ஒருவருக்கு இந்த வடிவம் வந்தால், தோல் இறுகுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஸ்கிளிரோடெர்மாவின் ஒரு வகை எச்சரிக்கை தந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். உடம்புக் குறியும் ஸ்லைடும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போது இந்தப் பரிசோதனைக்கு இணை கிடையாது.

அப்படித் தாங்காதபோது என்ன ஆகும் என்பதற்கு, அன்றாடம் பார்க்கிற மாதிரியான ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 29 வயதுப் பெண். ஆறு மாதமாக அசதி, முட்டிவலி, சீப்பு வைத்தால் கொத்தாக முடி. ஏ.என்.ஏ. 1:320, ஹோமோஜீனியஸ். டாக்டர் முதலில் ஆளைப் பார்க்கிறார். கன்னத்தில் தடிப்பு இல்லை, வாய்ப்புண் இல்லை, வெயில் பட்டால் தோல் சிவப்பதில்லை. முட்டி வலிக்கிறதே தவிர வீங்கவில்லை. சிறுநீரில் புரதம் இல்லை. வெள்ளணுவும் தட்டணுவும் சரியாக இருக்கின்றன. ஹீமோகுளோபின் 9.6, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டம். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம் என்பது கேட்ட பிறகுதான் வருகிறது.

லேபுக்கு போன் போகிறது. ஸ்லைடை மறுபடி பார்க்கிறார்கள். பிரியும் செல்லின் பட்டை ஒளிர்கிறது, அதனால்தான் ஹோமோஜீனியஸ் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் சும்மா இருக்கும் செல்களின் உட்கரு வழுவழுவென்று இல்லை. நெருக்கமான, ஒழுங்கற்ற பொடிகள் தெரிகின்றன. பட்டைக்குள்ளும் அதே பொடி. இது டென்ஸ் ஃபைன் ஸ்பெக்கிள்ட். டி.எஃப்.எஸ்.70 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி தரும் வடிவம். லூபஸ் நோயாளிகளைவிட ஆரோக்கியமானவர்களிடமே இது தனியாக அதிகம் காணப்படுகிறது. முதல் பார்வையில் ஹோமோஜீனியஸோடு குழம்புவது சாதாரணம். நல்ல கண்களும் தடுமாறும். அதனால் கண்ணோடு நிறுத்தாமல், டி.என்.ஏ., எஸ்.எம்., ரோ, லா போன்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆன்டிபாடி பரிசோதனை செய்கிறார்கள். எல்லாம் நெகட்டிவ், டி.எஃப்.எஸ்.70 மட்டும் பாசிட்டிவ். இந்தப் பெண்ணுக்குத் தேவை இரும்புச் சத்து மாத்திரையும் மகப்பேறு மருத்துவரும்தான். டி.என்.ஏ. ஆன்டிபாடியும் சேர்ந்து இருந்திருந்தால் டி.எஃப்.எஸ்.70 எந்த ஆறுதலையும் தந்திருக்காது என்பதையும் சொல்லவேண்டும்.

இவ்வளவு உயர்ந்த டைட்டர் நோய் இல்லாதவருக்கு எப்படி வரும்? 1997-இல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தைப் பார்த்தன. 1:40-இல் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பாசிட்டிவ். 1:80-இல் 13 சதவீதம், 1:160-இல் 5 சதவீதம், 1:320-இல் 3 சதவீதம். ஆயிரம் பெண்களில் ஒருவருக்கு லூபஸ் இருப்பதாக வைத்துக்கொண்டு, எந்த அறிகுறியும் பார்க்காமல் ஆயிரம் பேருக்கும் இந்தப் பரிசோதனை செய்தால், 1:80-இல் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் பாசிட்டிவ் ஆவார்கள். அவர்களில் நோயாளி ஒருவர். 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பட்டியலில் ஏ.என்.ஏ.வைச் சேர்ப்பது தவறு என்று நான் உறுதியாக நினைப்பதற்கு இந்தக் கணக்கே காரணம். வயதாக ஆகப் பாசிட்டிவ் கூடும். தைராய்டு கோளாறு, நாள்பட்ட தொற்று இருந்தாலும் வரும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநயாசிட் மாத்திரையும் இதைப் பாசிட்டிவ் ஆக்கும். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது.

2019-இல் வெளியான லூபஸ் வகைப்பாட்டு விதிகளும் 1:80-ஐ வாசற்படியாகத்தான் வைத்திருக்கின்றன. அதைத் தாண்டி உள்ளே வந்த பிறகு சிறுநீரகம், தோல், மூட்டு, ரத்த அணுக்கள் என்று மற்றவற்றுக்கெல்லாம் மதிப்பெண் உண்டு. 1:80-ஐவிட 1:1280 என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. நோய் உறுதியானவர்கள் மாதாமாதம் ஏ.என்.ஏ. எடுத்துப் பார்ப்பதும் வீண். நோய் அடங்கினாலும் அது பாசிட்டிவாகவே இருக்கக்கூடும். நோய் எப்படிப் போகிறது என்பதைச் சிறுநீர்ப் புரதம், டி.என்.ஏ. ஆன்டிபாடி, காம்ப்ளிமென்ட் அளவு ஆகியவை சொல்லும்.

நெகட்டிவ் ரிப்போர்ட்டுக்கும் எல்லை உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தசை தளர்ந்து நுரையீரலும் கெடும் ஒரு நோயில் ஜோ-1 என்ற ஆன்டிபாடி இருக்கும். அது பிடிப்பது உட்கருவை விட்டு வெளியே, சைட்டோபிளாசத்தில். உட்கரு இருட்டு, வெளியே பச்சை. சில லேப்கள் இதற்கு 'ஏ.என்.ஏ. நெகட்டிவ்' என்று மட்டும் எழுதிவிடுகின்றன. சைட்டோபிளாசம் ஒளிர்ந்தது என்ற வரி இல்லாவிட்டால் டாக்டர் தவறான திசையில் போய்விடுவார்.

ரோ ஆன்டிபாடியின் கதை இன்னும் கவனிக்கவேண்டியது. ஹெப்-2 செல்லில் ரோ புரதம் கொஞ்சமே இருக்கிறது. ஸ்லைடு தயாரிக்கும்போது அதிலும் ஒரு பகுதி கரைந்து போகலாம். அதனால் ரோ ஆன்டிபாடி உள்ள சிலருக்கு இந்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வரும். கர்ப்பத்தின் 22-ஆம் வாரத்தில் ஸ்கேன் எடுக்கும்போது குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 55 என்று இருக்கிறது. இதயத்தின் மின்பாதை அடைபட்டிருக்கிறது. தாய்க்கு எந்த நோயும் தெரியவில்லை, ஏ.என்.ஏ.வும் நெகட்டிவ். இங்கே நிறுத்திவிட்டால் காரணம் கடைசிவரை தெரியாது. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் இதயத்தைத் தாக்கியிருக்கலாம் என்பதால், ஏ.என்.ஏ. எப்படி வந்தாலும் ரோ, லா ஆன்டிபாடிகளை நேரடியாகக் கேட்டு எழுதவேண்டும். அது பாசிட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தில் ஆரம்பத்திலேயே ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுப்பதைப் பற்றி முடிவெடுக்கலாம். 16-ஆம் வாரத்திலிருந்தே குழந்தையின் இதயத்தை எக்கோ எடுத்துக் கண்காணிக்கலாம்.